'ஹெவெல்': மாயையா, வீணா?

பிரசங்கி நூலின் இரண்டாம் வசனத்தில் ஒரே எபிரெயச் சொல் ஐந்து முறை அடுக்கி வருகிறது. அந்தச் சொல் ஹெவெல். 1871-ல் ஹென்றி பவர் குழுவினர் வெளியிட்ட தமிழ் வேதாகமத்தில் அது 'மாயை'. 1995-ல் வந்த திருவிவிலியத்தில் அதே இடத்தில் 'வீண்'.

இரண்டும் ஒன்றுதானே என்று தள்ளிவிட முடியாது. மாயை என்றதும் அத்வைதம் அறிந்தவர் காதில் 'காணும் உலகம் முடிவான உண்மை அல்ல' என்று விழும். சைவ சித்தாந்தியிடம் கேட்டாலோ கதை வேறு: மும்மலங்களில் ஒன்றான மாயை அவருக்குப் பொய்த்தோற்றமே அல்ல, உலகம் உருவாவதற்கான மெய்யான மூலப்பொருள். வீண் என்பதில் இந்த விவாதம் எதுவும் இல்லை. பாடுபட்டும் பலன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எபிரெய ஆசிரியர் இவற்றில் எதைச் சொன்னார்?

அகராதியைத் திறந்தால் மூச்சு, ஆவி, வெறுமை, பயனின்மை, விக்கிரகம் என்று வரிசையாகப் பொருள் கிடைக்கும். அதில் பிடித்ததை எடுத்துக்கொள்ள யாருக்கும் தடையில்லை, சிக்கலே அதுதான். எனவே மொழிபெயர்ப்பாளர்கள் கன்கார்டன்ஸுக்குப் போகிறார்கள். தமிழ் இலக்கிய ஆய்வாளர்கள் சொல்லடைவு என்பார்களே, அதே வகை நூல்: ஒரு சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று, முன்பின் சொற்களோடு சேர்த்துக் காட்டும். எபிரெய வேதத்துக்கு முதல் சொல்லடைவைத் தொகுத்தவர் 15ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தென்பகுதியில் வாழ்ந்த ஈசாக் நாத்தான் என்ற யூத அறிஞர். 1896-ல் சாலமோன் மண்டெல்கெர்ன் வெளியிட்ட பெருந்தொகுப்பு இன்றும் நூலகங்களில் புரட்டப்படுகிறது. எபிரெயம் படிக்காதவர்களுக்கு 1890-ல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் ஒரு வழி செய்தார். ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்தார். இன்றைய வேதாகம மென்பொருள் பலவற்றில் H1892 என்று தட்டினால் ஹெவெல் வரும் வசனங்கள் எல்லாம் திரையில் வந்து நிற்கும்.

மொத்தம் 73 இடங்கள். அவற்றில் 38, அதாவது பாதிக்கு மேல், பிரசங்கி என்ற சிறு நூலில் மட்டும். மீதி சங்கீதம், எரேமியா, யோபு, நீதிமொழிகள், ஏசாயா முதலானவற்றில் சிதறிக் கிடக்கின்றன. எண்ணிப் பார்க்கும்போது ஒரு தொல்லை வரும். எபிரெயப் பதிப்பின் வசன எண்ணும் தமிழ் வேதாகமத்தின் எண்ணும் சில இடங்களில் ஒன்று தள்ளியிருக்கும். தமிழில் யோனா 2:8 என்பது எபிரெயத்தில் 2:9. தமிழில் பிரசங்கி 5:7 என்பது அங்கே 5:6. இதைக் கவனிக்காதவர் சம்பந்தமில்லாத வசனத்தைப் படித்துவிட்டு, சொல்லைக் காணோமே என்று தேடிக்கொண்டிருப்பார்.

பட்டியல் கிடைத்ததும் பலர் செய்வது, ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் ஒரு பொருளை எழுதத் தொடங்குவது. அனுபவசாலிகள் அப்படிச் செய்வதில்லை. அவர்கள் முதலில் எழுதுவது அந்தச் சொல்லுக்கு அக்கம்பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை: எதைப் பற்றிச் சொல்லப்படுகிறது, எந்த வினை சேர்கிறது, இணையாக எந்தச் சொல் நிற்கிறது.

அப்படி எழுதினால் ஹெவெல் தானாகவே குழுக்களாகப் பிரிகிறது. சில வசனங்களில் அது கண்ணால் காணக்கூடிய, எடையற்ற ஒன்று. ஏசாயா 57:13-ல் விக்கிரகங்களைக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது, ஹெவெல் தூக்கிக்கொண்டு போகிறது. காற்றுக்கு இணையாக நிற்பதால் அது ஒரு சிறு மூச்சுக்காற்று என்று தெரிகிறது. சங்கீதம் 62:9-ல் மனிதரைத் தராசில் வைத்தால் தட்டு மேலே எழும்புகிறது, ஹெவெலைவிட அவர்கள் இலேசு. பிற்கால எபிரெயத்திலும் வாயிலிருந்து வரும் மூச்சுக்கும் சூட்டில் எழும் ஆவிக்கும் இந்தச் சொல்தான். இதுவே அடிப்படைப் படிமம் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள்.

அடுத்த குழு நாட்களைப் பற்றியது. யோபு தன் நாட்கள் ஹெவெல் என்கிறார். சங்கீதம் 144:4 மனிதனை ஹெவெலுக்கு ஒப்பிட்டு, அவன் நாட்கள் கடந்துபோகும் நிழல் என்று தொடர்கிறது. இங்கே எடையைவிடக் கால அளவுதான் முக்கியம்: வந்தது, போனது.

மூன்றாவது குழுவில் தொனியே மாறிவிடுகிறது. உபாகமம் 32:21-லும் எரேமியாவில் பல இடங்களிலும் ஹெவெல் என்பது அந்நிய தெய்வங்களுக்கான ஏளனப் பெயர். எரேமியா 2:5-ல், மக்கள் ஹெவெலின் பின்னால் போய்த் தாங்களும் ஹெவெல் ஆனார்கள் என்று பெயர்ச்சொல்லையும் அதே வேரின் வினைச்சொல்லையும் சேர்த்து ஒரு குத்தல். ஸ்ட்ராங் அந்த வினைக்கு H1891 என்று தனி எண் கொடுத்திருப்பதால், H1892-ஐ மட்டும் தேடுகிறவருக்கு இந்தச் சிலேடையில் பாதி கண்ணில் படாது. அதேபோல H1893-ம் தப்பிவிடும். அது ஆபேலின் பெயர். எபிரெயத்தில் அவன் பெயர் ஹெவெலேதான். ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தில் எட்டு முறை வருகிறது. சிறிது நேரம் இருந்து மறைந்த மகனுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது, 'ஆபேல்' என்று படிக்கும் தமிழ் வாசகருக்குத் தெரிய வழியில்லை.

இனிதான் பிரசங்கியின் 38 இடங்கள். இவற்றில் ஏழு வசனங்களில் ஹெவெலோடு 'ரூவாக்', அதாவது காற்று, சேர்ந்தே வருகிறது. எல்லாம் ஹெவெல், காற்றைத் துரத்துவது போன்றது என்ற பல்லவி. 'ஆவி' என்று ஹெவெலை மொழிபெயர்க்கலாமே என்று நினைப்பவரை இந்த ஏழும் தடுத்துவிடும். தமிழ் வேதாகமத்தில் 'ரூவாக்' பல இடங்களில் ஏற்கெனவே 'ஆவி' ஆகிவிட்டது. கொதிக்கும் பானையின் ஆவியைச் சொல்லப்போய் வாசகரைப் பரிசுத்த ஆவியிடம் கொண்டுபோய் விடக்கூடாது.

அடுத்த வேலை, தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாக வசனங்களில் பொருத்திப் பார்ப்பது. முதலில் 'மாயை'. 8:14-ல் பிரசங்கி ஓர் அநியாயத்தைக் காட்டுகிறார்: துன்மார்க்கனுக்கு வரவேண்டியது நீதிமானுக்கு வருகிறது, நீதிமானுக்கு வரவேண்டியது துன்மார்க்கனுக்குப் போகிறது. இது பூமியில் நடக்கிற ஹெவெல் என்கிறார். இதை மாயை என்று படித்தால், 'அந்த அநியாயமே ஒரு தோற்றம், உண்மையில் நடக்கவில்லை' என்று ஆகிவிடும். அவர் குமுறுவதோ, அது உண்மையிலேயே நடக்கிறது என்பதற்காகத்தான். 2:21-லும் இதே கதி. அறிவோடு உழைத்துச் சேர்த்ததை உழைக்காதவன் கையில் விட்டுப்போவது ஹெவெல். கூடவே 'பெரும் தீமை' என்று அவரே சேர்த்துச் சொல்கிறார். பொய்த்தோற்றத்தை யாரும் பெரும் தீமை என்று திட்டுவதில்லை.

'நிலையாமை' தமிழ்க் காதுக்கு இனிமையான சொல். திருக்குறளில் அதற்குத் தனி அதிகாரமே உண்டு. வாழ்நாளை நிழலோடு ஒப்பிடும் 6:12-ல் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் 8:14-ல் அதுவும் நொண்டுகிறது. அநியாயம் நிலையற்றது என்றால் ஆறுதலாக அல்லவா ஆகிவிடும்! மைக்கேல் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க எபிரெய அறிஞர் 1986-ல் எழுதிய கட்டுரையில் இந்த மாதிரி வசனங்களை முன்வைத்துத்தான், பிரசங்கியின் ஹெவெலுக்கு 'அறிவுக்குப் பொருந்தாதது, அபத்தம்' என்று பொருள் கொள்ளவேண்டும் என்று வாதிட்டார்.

'வீண்' பெரும்பாலான இடங்களில் தாக்குப்பிடிக்கிறது: பணத்தை நேசிப்பவனுக்குத் திருப்தி இல்லை, உழைப்பின் பலன் அடுத்தவனுக்கு, மிகுந்த பேச்சால் லாபமில்லை. சறுக்குவது 11:10-ல். அதற்கு முந்தைய வசனத்தில்தான் இளைஞனைப் பார்த்து உன் இளமையில் மகிழ்ந்திரு என்கிறார். உடனே இளமை வீண் என்றால் முன்னுக்குப் பின் முரண். அங்கே இளமை சீக்கிரம் போய்விடும், அதனால் மகிழ்ந்திரு என்பதுதான் பேச்சின் ஓட்டம்.

வீண் என்று முடிவு செய்யுமுன் தலைகீழாக இன்னொரு சோதனை உண்டு. பல குழுக்கள் இதைச் செய்யாமல் விட்டுவிட்டுப் பின்னால் அவதிப்படுகின்றன: தேர்ந்தெடுத்த தமிழ்ச் சொல் ஏற்கெனவே வேறு எந்த எபிரெயச் சொல்லுக்கு வேலை பார்க்கிறது? பழைய தமிழ் வேதாகமத்தில் தேவனுடைய நாமத்தை வீணிலே வழங்கக்கூடாது என்ற கட்டளையில் உள்ள 'வீண்', ஹெவெலுக்கானது அல்ல. 'ஷாவ்' என்ற வேறு சொல்லுக்கானது. யோனா 2:8-ல் ஷாவும் ஹெவெலும் ஒரே தொடரில் ஒட்டி நிற்கின்றன. ஏசாயா 49:4-ல் வெறுமையைக் குறிக்கும் வேறு இரண்டு எபிரெயச் சொற்களோடு ஹெவெலும் வருகிறது. எல்லாவற்றுக்கும் 'வீண்' என்று போட்டால் வசனம் திக்கும். இந்த இடங்களுக்கு வெறுமை, பயனின்மை, பொய் என்று முன்கூட்டியே சொற்களைப் பங்கிட்டு எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.

இவ்வளவு செய்தபின் எல்லா இடத்துக்கும் ஒரே தமிழ்ச் சொல் வேண்டுமா என்ற கேள்விக்கு, பிரசங்கிக்கு உள்ளே ஒரு விடையும் வெளியே ஒரு விடையும் சொல்வதே நியாயமாகப் படுகிறது. நூலின் தொடக்கத்தில் 1:2-லும் முடிவில் 12:8-லும் அந்தப் பல்லவி வருகிறது. ஆசிரியர் வேண்டுமென்றே திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்கிறார். அதை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு சொல்லாக உடைத்தால் 38 இடங்களும் ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாதவை ஆகிவிடும். அங்கே 'வீண்' நிலைத்து நிற்கட்டும், 8:14-க்கும் 11:10-க்கும் அடிக்குறிப்பு இருக்கட்டும். எரேமியாவின் விக்கிரகங்களுக்கும் சங்கீதத்தின் மூச்சுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. ஜேம்ஸ் பார் 1961-ல் வெளியிட்ட நூலில் எச்சரித்த தவறு ஒன்று, பட்டியலைக் கையில் வைத்திருப்பவரையே குறிவைத்து வரும்: எல்லா இடங்களிலும் கிடைத்த எல்லாப் பொருளையும் வாரி ஒரே வசனத்தில் கொட்டிவிடுவது. சகரியா 10:2-ல் குறிசொல்பவர்கள் தரும் ஆறுதல் ஹெவெல், அதாவது வெறும் வாய்ப்பேச்சு. அங்கே நிழலையும் ஆபேலையும் இழுத்துவர ஒரு காரணமும் இல்லை.

இன்னோர் எல்லை, சொல்லடைவு தான் தொகுத்த மூலப் பதிப்பை மட்டுமே காட்டும் என்பது. 9:2-ன் தொடக்கத்தில் எபிரெயத்தில் 'ஹக்கோல்', எல்லாம், என்று இருக்கிறது. எபிரெயத்தில் அதன் எழுத்துகளும் ஹெவெலின் எழுத்துகளும் நடுவில் ஒரே ஓர் எழுத்தில் மாறுபடுகின்றன: இதில் காஃப், அதில் பேத். இரண்டும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று. பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு அங்கே ஹெவெல் என்று படித்ததைப் போலவே இருக்கிறது. H1892 எத்தனை முறை தட்டினாலும் அந்த வசனம் திரைக்கு வராது.

11:10-ல் இளமையோடு சேர்ந்து ஹெவெல் எனப்படும் 'ஷஹரூத்' என்ற சொல்லுக்கோ சொல்லடைவு கையை விரித்துவிடும். எபிரெய வேதம் முழுவதிலும் அது வருவது அந்த ஒரே இடத்தில்தான். கருப்பு என்ற வேரிலிருந்து கருங்கூந்தல் என்று சிலரும், விடியல் என்ற வேரிலிருந்து வாழ்வின் காலைப்பொழுது என்று சிலரும் பொருள் சொல்கிறார்கள். ஒப்பிட இன்னொரு வசனம் இல்லாததால், அங்கே மொழிபெயர்ப்பாளர் வேர்ச்சொல்லையும் உறவு மொழிகளையும் பழைய மொழிபெயர்ப்புகளையும்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.