பாட வீடியோவை எங்கே நிறுத்துவது?

பாட வீடியோ தயாரிக்கும் ஆசிரியர்களிடம் பேசினால், “ஆறு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாதாம்” என்ற விதி எப்படியும் வந்துவிடும். அது வந்த இடம் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு. எட்எக்ஸ் தளத்தின் நான்கு பாடங்களில், மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் அமர்வுகளை பிலிப் குவோவும் இரு சக ஆய்வாளர்களும் அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை.

ஆனால் அந்த ஆய்வு அளந்தது பார்த்த நேரத்தை. பாடம் எவ்வளவு புரிந்தது என்பதை அல்ல. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: வகுப்பறையில் எடுத்த நீண்ட விரிவுரையைத் துண்டு போட்டு ஏற்றுவதைவிட, வீடியோவுக்கென்றே திட்டமிட்டுப் பதிவு செய்த பாடத்தையே மாணவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள். ஆகவே, 40 நிமிட வகுப்பைக் கத்தரித்து ஏழு வீடியோவாக்குவதால் பெரிய பலன் இல்லை. மாணவர் எதையாவது யோசித்துச் செய்ய வேண்டிய இடம் எதுவோ, அதுதான் நிறுத்த வேண்டிய இடம். நீளம் அதற்கேற்ப அமையும்.

கேள்வியின் வலிமையை 2013-இல் கார்ல் ஸ்புனாரும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனையில் காட்டினார்கள். 21 நிமிடப் புள்ளியியல் விரிவுரை ஒன்றை நான்கு துண்டாக்கினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு ஒரு குழுவுக்குச் சிறு தேர்வு. இன்னொரு குழுவுக்கு அதே கேள்விகள் விடையோடு, படித்துப் பார்க்க மட்டும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும் இல்லை. நடுவில் கேட்டபோது, தேர்வு எழுதாத இரு குழுக்களிலும் சுமார் 40 சதவீதம் பேருக்குக் கவனம் வேறெங்கோ போயிருந்தது. தேர்வு எழுதியவர்களிடம் அது ஏறக்குறைய பாதி. குறிப்பெடுப்பதிலும் கடைசித் தேர்விலும் அவர்களே முந்தினார்கள். மூன்று குழுக்களுக்குமே வீடியோ துண்டுகளாகத்தான் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். விடையைத் தானே தேடி எடுத்ததுதான் வேறுபாட்டை உண்டாக்கியது.

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்தடைகளின் பக்க இணைப்பை எடுத்துக்கொள்வோம். வணக்கமும் பாடத் தலைப்பும் நிமிடக் கணக்கில் ஓட வேண்டாம். நேராகச் சுற்றுப் படம்: 6 வோல்ட் மின்கலம், 6 ஓம் மின்தடை, ஓடும் மின்னோட்டம் 1 ஆம்பியர். இதற்கு ஒரு நிமிடம் போதும். இப்போது பக்க இணைப்பில் 3 ஓம் ஒன்றைச் சேர்க்கப் போகிறோம். மின்கலத்திலிருந்து வரும் மொத்த மின்னோட்டம் கூடுமா, குறையுமா, மாறாதா? இங்கே வீடியோ நிற்க வேண்டும். மின்தடை ஒன்று கூடினால் மின்னோட்டம் குறையும் என்றே பலரும் நினைப்பார்கள். அப்படி ஒரு விடையைச் சொல்லிவிட்ட மாணவருக்கு அடுத்த துண்டைப் பார்க்கக் காரணம் இருக்கிறது.

இரண்டாம் துண்டில், 3 ஓமுக்கும் அதே 6 வோல்ட்தான் என்பதால் அதன் வழியே 2 ஆம்பியர், மொத்தம் 3 ஆம்பியர், ஆகவே தொகுபயன் மின்தடை 2 ஓம் என்று எண்களாலேயே காட்டலாம். சூத்திரம் மூன்றாம் துண்டில் வரட்டும். முதலிலேயே சூத்திரம் வந்தால் மாணவர் அதை எழுதிக்கொண்டு காரணத்தைக் கடந்துவிடுவார்.

கடைசிக் கேள்வி புது எண்களோடு: 12 ஓமும் 4 ஓமும் பக்க இணைப்பில் இருந்தால்? விடைகள்: 16, 8, 1/3, 3. இவற்றில் ஒன்றுகூட சும்மா வைத்ததல்ல. 16 என்பவர் தொடர் இணைப்போடு குழப்பிக்கொள்கிறார். 8 என்பவர் சராசரி எடுக்கிறார். 1/3 என்பவர் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டுத் தலைகீழாக்க மறந்தவர். இம்மூவருக்கும் “தவறு, மீண்டும் முயல்க” என்ற ஒரே பதில் போதாது. 1/3 என்றவருக்கு “இது 1/R; R எவ்வளவு?” என்ற ஒரு வரி போதும். 16 என்றவரை இரண்டாம் துண்டின் தொடக்கத்துக்கே அனுப்ப வேண்டும்.

எச்5பி போன்ற கருவியில் வீடியோ தானாக நின்று விடை கேட்கும். விடைக்கு ஏற்ப முந்தைய துண்டுக்கும் அனுப்பும். வெறும் யூடியூப் என்றால் கேள்வியைத் திரையில் எழுதி, ஒருமுறை வாசித்து, பிறகு 15 நொடி பேசாமல் இருக்க வேண்டும். பல வீடியோக்கள் கெடுவது இங்கேதான். மௌனம் தாங்காமல் ஆசிரியர் மூன்றாவது நொடியில் தாமே விடையைச் சொல்லிவிடுவார். நிறுத்தவே முடியாத கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு அந்த மௌனம் இன்னும் அவசியம்.

கேள்வியை அளவுக்கு மீறித் தூவினாலும் பயனில்லை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை, இப்போதுதான் சொன்ன சொல்லையே திருப்பிக் கேட்டால், மாணவர் எதையாவது அழுத்திவிட்டு நகர்வார். பாதிக்கு மேல் அப்படிச் செய்கிறார்களா என்பது விடைப் பதிவில் தெரியும்: தவறான விடைகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய சமமாக வாக்கு விழுந்திருக்கும். மாறாக, பெரும்பாலோர் 1/3-இல் குவிந்திருந்தால் கோளாறு மூன்றாம் துண்டில் இருக்கிறது. அந்த ஒன்றரை நிமிடத்தை மட்டும் மறுபடி பதிவு செய்தால் போதும்.