ஒரு செஷனுக்கு 900 ரூபாய்: எத்தனை மணி நேரத்துக்கு?

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கான அறிவிக்கை வெளியானதும் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான செய்திகள் வரிசையாக வந்து விழும். பெரும்பாலும் நான்கு வரிதான் இருக்கும்: “எங்கள் பயிற்சி மையத்தின் குரூப் 4 வார இறுதி பேட்சுக்குக் கௌரவ விரிவுரையாளர் தேவை. பாடம்: திறனறிவு. வாரத்துக்கு 6 மணி நேரம். ஒரு செஷனுக்கு ரூ.900.” கீழே ஒரு கைபேசி எண்.

படிக்கும்போது எல்லாம் தெளிவாக இருப்பதுபோலத் தோன்றும். பாடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. ஆனால், மாதம் எவ்வளவு கையில் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை கிடைக்காது. நேரத்தை மணிக்கணக்கிலும் பணத்தை செஷன் கணக்கிலும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு செஷன் எத்தனை மணி நேரம் என்பது மட்டும் அதில் இல்லை.

பயிற்சி மையங்களில் செஷனுக்கு ஒரே அளவு கிடையாது. ஓரிடத்தில் ஒன்றரை மணி நேரம், இன்னோரிடத்தில் இரண்டு. ஞாயிறு முழுநாள் வகுப்பு நடத்தும் மையங்களில், காலையில் தொடங்கி மதியச் சாப்பாடு வரை போகும் மூன்று மணி நேரமும் ஒரே செஷன்தான். மேலே உள்ள செய்தியை இந்த மூன்று அளவிலும் வைத்துப் பார்க்கலாம். ஒன்றரை மணி நேரம் என்றால் வாரத்துக்கு 4 செஷன், 3,600 ரூபாய். இரண்டு மணி நேரம் என்றால் 3 செஷன், 2,700 ரூபாய். மூன்று மணி நேரம் என்றால் இரண்டே செஷன், 1,800 ரூபாய். நான்கு வாரத்துக்கு முதல் கணக்கில் 14,400 ரூபாய் வரும். கடைசிக் கணக்கில் அதில் சரிபாதி, 7,200 ரூபாய். செய்தியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, அதே ஆறு மணி நேர உழைப்பு. தொகை மட்டும் இரண்டு மடங்கு வேறுபடுகிறது.

மாதச் சம்பளமாகத் தராமல் செஷன் கணக்கில் தருவதற்கு மையங்களுக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. இந்த வேலை பருவத்தோடு வந்து பருவத்தோடு போவது. 2025-ஆம் ஆண்டு குரூப் 4 அறிவிக்கை ஏப்ரல் 25 அன்று வந்தது. தேர்வு ஜூலை 12 அன்று நடந்தது. இடையில் இருந்தது சுமார் 11 வாரம். அறிவிக்கையை ஒட்டித் தொடங்கும் ஒரு பேட்சின் ஆயுளும் அவ்வளவுதான். தேர்வு முடிந்த மறுநாள் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் தேவைப்படமாட்டார். ஆசிரியரும் ஒரே மையத்தை நம்பி இருப்பதில்லை; காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம் என்று பாடம் எடுப்பவர்கள் இந்தத் துறையில் ஏராளம்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது தேர்வின் அமைப்பிலிருந்தே வருகிறது. குரூப் 4 வினாத்தாளில் மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண். பொதுத்தமிழ் 100 கேள்விகள், பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு, அதாவது 150-க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதிகளில் எவ்வளவு எடுத்திருந்தாலும் பயனில்லை. அதனால் கால அட்டவணையில் தமிழாசிரியருக்கே அதிக நேரம் ஒதுக்கப்படும். திறனறிவு எட்டில் ஒரு பங்குதான் என்றாலும், சுருக்குதல், விழுக்காடு, மீ.பெ.வ., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கன அளவு, காலமும் வேலையும், எண் தொடர், பகடை என்று தலைப்புகள் நீளும். போதிய பயிற்சி இருந்தால் 25-க்கு 25-உம் எடுத்துவிடக்கூடிய பகுதியும் இதுதான். வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்றால் 11 வாரத்தில் 66 மணி நேரம். தலைப்புக்கு நான்கைந்து மணி நேரம் கொடுத்து, மீதியில் மாதிரித் தேர்வுகளும் நடத்த அது போதும். அதே பாடத்துக்கு வாரம் இரண்டு மணி நேரம் மட்டும் என்று ஒரு செய்தி சொன்னால், மையம் பாடத்திட்டத்தை முழுதாக முடிக்க நினைக்கவில்லை என்று பொருள். பாதியில் நிற்கும் பாடத்துக்கு மாணவர்கள் கேள்வி கேட்கப்போவது ஆசிரியரைத்தான்.

அடுத்து, செய்தியில் இல்லாத நேரம். இரண்டு மணி நேர செஷன், வாரத்துக்கு மூன்று என்பதையே எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை மாலை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை இரண்டு. இந்தப் பாடத்தை முதல்முறையாக எடுக்கும் ஒருவர், பழைய வினாத்தாள்களிலிருந்து கணக்குகளைத் தேர்ந்து, குறுக்குவழியோடு போட்டுப் பார்த்து, குறிப்பு எழுத செஷனுக்கு இரண்டு மணி நேரம் செலவிடுகிறார் என்றால் வாரத்துக்கு ஆறு மணி நேரம். வாரத் தேர்வுக்கு 25 கேள்விகளும் விடை விளக்கமும் தயாரிக்க இரண்டு மணி நேரம். இரண்டு நாள் போய்வர, நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வீதம் மூன்று மணி நேரம். வகுப்பின் ஆறு மணி நேரத்தோடு சேர்த்தால் மொத்தம் 17. கிடைக்கும் 2,700 ரூபாயில் பெட்ரோலுக்கு 200 போனால் மீதி 2,500. மணிக்கு 450 ரூபாய் என்று தோன்றியது 147 ரூபாயாக இறங்கிவிடுகிறது.

அதே ஆசிரியர் அடுத்த பேட்சுக்கும் அதே பாடத்தை எடுத்தால் கணக்கு மாறும். குறிப்புகள் கையில் தயாராக இருக்கும். செஷனுக்கு அரை மணி நேரத் தயாரிப்பு போதும் என்றால் மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம். மணிக்கு 200 ரூபாய். செஷன் கூலியில் பாடம் எடுப்பவர்கள் புதுப்புதுப் பாடங்களை ஒப்புக்கொள்வதைவிட ஒரே பாடத்தைப் பல பேட்சுகளுக்கு எடுப்பதையே விரும்புவதன் காரணம் இதில் இருக்கிறது. மூன்று செஷனையும் மூன்று தனித்தனி நாளில் போட்டால் பயண நேரமும் செலவும் பாதிக்குப் பாதி கூடிவிடும். ஆகவே எத்தனை செஷன் என்பதோடு எத்தனை நாள் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இந்தத் தொகை அதிகமா, குறைவா என்று சொல்லப் பயிற்சி மையங்களுக்கென்று நிர்ணயிக்கப்பட்ட ஊதிய அளவு இல்லை. பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் வகுத்தது. தனியார் பயிற்சி மையத்தை அது கட்டுப்படுத்தாது. பேரம் பேசும்போது சுட்டிக்காட்ட ஓர் அளவுகோலாக மட்டும் உதவும்.

யார் பாடம் எடுக்கலாம் என்பதற்கு வரையறை உண்டு. மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மைய வழிகாட்டுதல்கள், பட்டப்படிப்புக்குக் குறைந்த தகுதியுள்ளவர்களைப் பயிற்றுநராக வைக்கக் கூடாது என்கின்றன. பள்ளி ஆசிரியர்களுக்கோ தடையே இருக்கிறது: கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு அவர்கள் தனியார் ட்யூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. அரசு ஊழியர்கள் தங்கள் நடத்தை விதிகளைப் பார்க்காமல் இந்தச் செய்திக்குப் பதில் அனுப்பினால், 900 ரூபாய்க்காக நிரந்தர வேலையில் விளக்கம் எழுத நேரும்.

டெமோ வகுப்பு இன்னொரு சிக்கல். அரை மணி நேரம் பாடம் எடுத்துக் காட்டச் சொல்வது முறையானதுதான். நேரில் பார்க்காமல் எந்த மையமும் ஆசிரியரை எடுக்காது. பணம் கட்டிச் சேர்ந்த மாணவர்கள் முன்னால் இரண்டு மணி நேரம் முழுப்பாடம் எடுக்கச் சொல்லி, “பிறகு சொல்லுகிறோம்” என்று அனுப்பிவிட்டால் அது டெமோ அல்ல. சம்பளம் தராத செஷன். இப்படி வாரம் ஒருவரை அழைத்தே ஒரு பாடத்தின் பாதியை ஓட்டிவிட முடியும். டெமோ எவ்வளவு நேரம், அரை மணிக்கு மேல் போனால் செஷன் கட்டணம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டால் நோக்கம் தெரிந்துவிடும்.

வகுப்பைப் படம் பிடிக்கிறார்களா என்பதையும் கேட்க வேண்டும். பல மையங்கள் வகுப்பறையில் கேமரா வைத்துப் பதிவு செய்து, அடுத்த பேட்சுக்கும் ஆன்லைன் மாணவர்களுக்கும் அதையே விற்கின்றன. ஆசிரியருக்கு ஒரு முறை 900 ரூபாய். வீடியோ வருடக்கணக்கில் ஓடும். பலருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பு இங்கே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில், நிகழ்த்துநர் என்பதற்கான விளக்கத்தில் நடிகர், பாடகர், பாம்பாட்டி ஆகியோரோடு விரிவுரை ஆற்றுபவரும் இடம்பெற்றிருக்கிறார். அவருடைய நிகழ்த்துதலை அவர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்வது உரிமை மீறல். அந்த உரிமைக்கு 50 ஆண்டு ஆயுள். சம்மதம் கொடுப்பதானால், எந்தப் பேட்ச் வரை பயன்படுத்தலாம், அதற்குத் தனித்தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

வருமான வரிப் பிடித்தமும் கேட்டறிய வேண்டியது. தொழில்முறைக் கட்டணமாக ஒரே மையம் ஒரு நிதியாண்டில் தரும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் 10 விழுக்காடு டி.டி.எஸ். பிடிக்க வேண்டும் என்ற வரம்பு 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அது 30,000. வாரம் 2,700 வீதம் 11 வாரத்துக்கு 29,700 ரூபாய். இந்த ஒரு பேட்சுக்குப் பிடித்தம் தேவையில்லை. அதே மையத்தில் இரண்டு பேட்ச் எடுத்து 59,400 ஆனால் 5,940 ரூபாய் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 விழுக்காடு. பிடித்த பணம் ஆசிரியரின் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம்.

இவ்வளவையும் ஒரு மையம் நினைத்தால் சில வரிகளில் சொல்லிவிட முடியும்: “குரூப் 4 வார இறுதி பேட்ச், 11 வாரம். பாடம்: திறனறிவு, தமிழ் வழி. சனி மாலை ஒரு செஷன், ஞாயிறு இரண்டு. ஒவ்வொன்றும் 2 மணி நேரம். செஷனுக்கு ரூ.900, வாரத் தேர்வு வினாத்தாளுக்குத் தனியே ரூ.300. மாதம் 5-ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில். முதல் நாள் மாலைக்குள் சொல்லாமல் வகுப்பை ரத்து செய்தால் பாதிக் கட்டணம் உண்டு. வீடியோ பதிவு இல்லை. டெமோ 30 நிமிடம்.” இப்படி எழுதும் மையத்துக்கு வரும் அழைப்புகள் குறையலாம், ஆனால் வருபவர் இரண்டாம் வாரமே நின்றுவிடமாட்டார்.

வேலையை ஒப்புக்கொண்டவர் முதல் செஷனிலிருந்தே ஒரு பதிவேடு வைத்துக்கொள்வது நல்லது. தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடத்திய தலைப்பு, மைய ஒருங்கிணைப்பாளரின் கையொப்பம் ஆகிய ஐந்து கட்டம் போதும். மாதக் கடைசியில் அதன் படத்தோடு ஒரு பில் எழுதி வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிட வேண்டும். எத்தனை செஷன் நடந்தது என்று பின்னால் பிரச்சினை எழுந்தால், இந்தப் பதிவேடும் முதலில் வந்த அந்தச் செய்தியும்தான் ஆசிரியர் காட்டக்கூடிய ஆதாரங்கள். ஆகவே அந்தச் செய்தியை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டபின், செஷன் எத்தனை மணி நேரம் என்ற கேள்வியை அதே எண்ணுக்கு எழுத்திலேயே அனுப்பி, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.