தீந்துபோச்சு, தீஞ்சுபோச்சு

எண்ணெய் தீர்ந்துவிட்டால் “தீந்துபோச்சு” என்பார்கள். தோசை கருகிவிட்டால் “தீஞ்சுபோச்சு” என்பார்கள். தமிழ் பேசும் யாரும் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்வதில்லை. ஆனால் ஒலியை மட்டும் பார்த்தால், இரண்டிலும் ‘தீ’ என்ற அதே தொடக்கம்தான் இருக்கிறது. அதன்பின் ஒன்றில் ‘ந்து’ அப்படியே நிற்கிறது. மற்றொன்றில் அது ‘ஞ்சு’ ஆகிவிடுகிறது. ஒரே சூழலில் ஒலி இரண்டு விதமாக நடந்துகொள்வது எப்படி? ஒலி விதிகள் எந்த வரிசையில் செயல்படுகின்றன என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

சொல்லின் அடிப்படை வடிவம் ஒன்று, வாயிலிருந்து வெளிவரும் வடிவம் வேறொன்று, இடையே விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன என்பது ஒலியனியலில் நெடுநாளாக உள்ள பார்வை. ஒரு விதி முடித்துத் தரும் வடிவம்தான் அடுத்த விதியின் கைக்குப் போகும். ஆகவே முதல் விதி செய்யும் மாற்றம், அடுத்த விதிக்கு வாய்ப்பை உண்டாக்கலாம். இருந்த வாய்ப்பைப் பறித்தும் விடலாம். முதல் வகை உறவை ஃபீடிங் என்றும், இரண்டாவதை ப்ளீடிங் என்றும் 1968இல் பால் கிப்பார்ஸ்கி பெயரிட்டார். தமிழில் ஊட்டல், பறித்தல் எனலாம்.

ஊட்டலுக்குப் பள்ளிப் பாடத்திலேயே உதாரணம் உண்டு. ‘மரம்’, ‘கிளை’ இரண்டும் சேரும்போது முதலில் ஈற்று மகரம் கெட்டு ‘மர’ என உயிரில் முடிகிறது. அப்படி முடிந்ததால்தான் வல்லினம் மிகுந்து ‘மரக்கிளை’ ஆகிறது. ‘மரம்’, ‘அடி’ சேர்ந்தாலும் இதே கதைதான்: மகரம் போனதும் இரண்டு உயிர்கள் நேருக்கு நேர் நிற்க, இடையே வகர உடம்படுமெய் தோன்றி ‘மரவடி’ கிடைக்கிறது. மகர ஈறு கெட்டபின் அச்சொல் உயிரீறு போலவே நடக்கும் என்று நன்னூல் சொல்வது இந்த ஊட்டலைத்தான்.

பறித்தலுக்குக் ‘காசில்லை’ என்ற சொல் போதும். ‘பசு’, ‘இல்லை’ சேர்ந்தால் ‘பசுவில்லை’. உயிர்கள் சந்திக்கும் இடத்தில் வகரம் வருகிறது. ‘காசு’, ‘இல்லை’ சேரும்போதும் அந்த வாய்ப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் காசின் ஈற்றில் இருப்பது குற்றியலுகரம். உயிர் வந்ததும் அது முந்திக்கொண்டு ஓடிவிடுகிறது. பிறகு வகரத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இந்த இரண்டு உறவுகளிலும் வெளி வடிவத்தைப் பார்த்தே நடந்ததை ஊகித்துவிடலாம். வரிசை எதிர்த்திசையில் இருந்தால்தான் சிக்கல். ஊட்டக்கூடிய விதி தாமதமாக வந்தால், அது உண்டாக்கிய சூழலை மற்ற விதி பயன்படுத்த முடியாமல் போகும். இது எதிர் ஊட்டல். பறிக்கக்கூடிய விதி தாமதமாக வந்தால், மற்ற விதி அதற்குள் தன் வேலையை முடித்திருக்கும். இது எதிர் பறித்தல். இரண்டிலுமே, ஒரு விதி ஏன் நடந்தது, ஏன் நடக்கவில்லை என்ற காரணம் வெளி வடிவத்தில் தெரியாது. கிப்பார்ஸ்கி இதைத்தான் ஒபாசிட்டி, அதாவது ஒளிபுகாமை, என்றார்.

பேச்சுத் தமிழின் இறந்தகால வினைகளில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. அங்கே இரண்டு விதிகள் வேலை செய்கின்றன. ஒன்று, அண்ணமாதல்: இ, ஈ, ஐ அல்லது யகர மெய்யை அடுத்து வரும் ‘த்த’ என்பது ‘ச்ச’ ஆகும், ‘ந்த’ என்பது ‘ஞ்ச’ ஆகும். படித்தான் படிச்சான் ஆவதும் பிரிந்து பிரிஞ்சு ஆவதும் இதனால்தான். மற்றொன்று, மெய் கெடுதல்: நெட்டுயிருக்குப் பின் மெய்கள் மூன்று அடுக்கி நின்றால், முதலில் உள்ள ரகரமோ யகரமோ கெடும். பார்த்தான் பாத்தான் ஆவதும் சேர்ந்து சேந்து ஆவதும் இதனால்.

எழுத்து வழக்கைக் கொண்டுவந்து பேச்சின் மேல் திணிப்பதாக யாரும் எண்ண வேண்டியதில்லை. எண்ணெய் ‘தீரல’ என்று பேச்சிலேயே சொல்கிறோம். அங்கே ரகரம் காதில் விழுகிறது. துணி ‘காயல’, தோசை ‘தீயுது’ என்னும்போது யகரம் விழுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் இந்தச் சான்றுகள் கிடைக்கின்றன.

இப்போது அண்ணமாதல் முதலில், மெய் கெடுதல் பிறகு என்று வைத்து மூன்று சொற்களை நடத்திப் பார்க்கலாம்.

தீர்ந்து → (அண்ணமாதலுக்கு இடமில்லை) → தீந்து
தீய்ந்து → தீய்ஞ்சு → தீஞ்சு
காய்ந்து → காய்ஞ்சு → காஞ்சு

முதல் சொல்லில் ‘ந்து’வுக்கு முன்னால் ரகரம் நிற்பதால், அண்ணமாதல் அதைத் தொடாமல் கடந்துவிடுகிறது. பிறகு ரகரம் கெட்டு ஈகாரமும் ‘ந்து’வும் ஒட்டி நிற்கின்றன. அண்ணமாதலுக்கு அது பொருத்தமான சூழல்தான். ஆனால் அதன் முறை முடிந்துவிட்டது. இது எதிர் ஊட்டல். மூன்றாவது சொல்லில் யகரம் தன் அருகில் இருந்ததை ‘ஞ்சு’ ஆக்கிவிட்டுத் தானும் மறைகிறது. ‘காஞ்சு’ என்ற வடிவத்தை மட்டும் கேட்பவருக்கு, ஆகாரத்தை அடுத்து ஞகரம் எப்படி வந்தது என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. இது எதிர் பறித்தல்.

வரிசையைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? ரகரம் முதலில் கெட்டால் ‘தீர்ந்து’ முதலில் ‘தீந்து’ ஆகி, அதன்பின் ‘தீஞ்சு’ ஆகிவிடும். எண்ணெயும் தோசையும் ஒரே கதிக்குப் போகும். யகரம் முதலில் கெட்டால் ‘காய்ந்து’ என்பது ‘காந்து’ என்றே நின்றுவிடும். இரண்டையுமே யாரும் பேசுவதில்லை. ஆக, ஒரே வரிசைதான் இரண்டு முடிவுகளையும் சரியாகத் தருகிறது.

சேர்த்து சேத்து ஆவதையும், தேய்த்து தேச்சு ஆவதையும் மாணவர்கள் தாங்களே இப்படி நடத்திப் பார்க்கலாம். ‘விற்றான்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பேச்சில் ‘ற்ற’ என்பது ‘த்த’ ஆகி ‘வித்தான்’ கிடைக்கிறது. இகரத்தை அடுத்து ‘த்த’ வந்தும் அது ‘விச்சான்’ ஆவதில்லை. ‘ற்ற’ மாறும் விதியும் அண்ணமாதலுக்குப் பின்னால்தான் வருகிறது என்று இதற்கு விளக்கம் தரலாம்.

இந்த விளக்கத்துக்கு எல்லை உண்டு. சித்தி, இந்த போன்ற சொற்களில் இகரமோ தகரமோ அருகருகே இருந்தும் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை. எனவே அண்ணமாதலை எல்லாச் சொற்களுக்கும் பொதுவான விதியாகக் கொள்ள முடியாது. பெரும்பாலும் வினைப் பகுதியும் இறந்தகால இடைநிலையும் சேரும் இடத்தில்தான் அது செயல்படுகிறது. வரிசையை நிறுவ முயல்பவர் முதலில் இதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். விதி நடக்காததற்கு அதன் எல்லையே காரணமாக இருந்தால், அந்தச் சொல் வரிசைக்குச் சான்றாகாது.

1993இல் ஆலன் பிரின்ஸும் பால் ஸ்மோலென்ஸ்கியும் முன்வைத்த ஆப்டிமாலிட்டி கோட்பாடு, படிப்படியான விதிகளைக் கைவிட்டது. சாத்தியமான வெளி வடிவங்களை எல்லாம் ஒன்றாக நிறுத்தி, கட்டுப்பாடுகளைக் கொண்டு சிறந்ததைத் தேர்வது அதன் முறை. ‘மரக்கிளை’ போன்றவற்றுக்கு அது தடையின்றிப் பொருந்தும். ஆனால் ‘தீய்ந்து’ என்பதை ‘தீஞ்சு’ ஆக்குவதற்கு, ஈகாரத்தை அடுத்து ‘ந்த’ வரக்கூடாது என்ற கட்டுப்பாடு உயர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். அதே கட்டுப்பாடு ‘தீர்ந்து’ விஷயத்திலும் ‘தீந்து’வைத் தள்ளிவிட்டு ‘தீஞ்சு’வைத்தான் தேர்ந்தெடுக்கும். இடைப்பட்ட படி இல்லாத முறையில், ரகரம் அங்கே ஒருகாலத்தில் இருந்தது என்பதைக் கணக்கில் கொள்ளத் தனி ஏற்பாடு தேவைப்படுகிறது. ஜான் மெக்கார்த்தி உள்ளிட்டோர் அதற்காகப் பல திருத்தங்களை முன்வைத்தார்கள். படிகளை மீண்டும் கொண்டுவருவதும் அவற்றில் ஒன்று.