பேவர் கல்லுக்கு அடியில்

கோவில்பட்டியில் அக்கா வீட்டுக் கேட்டிலிருந்து கார் நிற்கும் போர்ட்டிகோ வரை 33 அடி நீளம், 10 அடி அகலம். அங்கே பேவர் பிளாக் பதித்து முடித்த அன்று கோலம் போடலாம் போல இருந்தது. ஐப்பசி மழை முடிவதற்குள் கார் சக்கரம் போகிற இரண்டு தடத்திலும் நீளமாகப் பள்ளம் விழுந்துவிட்டது. தோட்டத்துப் பக்கம் இருந்த ஓரக் கற்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றன. கேட்டருகே இரண்டு கல்லுக்கு நடுவே என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. வேலை எடுத்தவரைக் கேட்டதற்கு, "கல் மட்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கல் மட்டமில்லை. இரண்டு கல்லை மோதிப் பார்த்தால் கணீரென்று சத்தம் வந்தது. ஒன்றுகூட விரிசல் விடவில்லை. பள்ளம் விழுந்த இடத்தில் நாலைந்து கல்லைப் பெயர்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. கல்லுக்கு அடியில் ஐந்து அங்குலத்துக்கு வெறும் எம்-சாண்ட். அதற்கும் கீழே கையால் கிளறினாலே பொலபொலவென்று வரும் கரிசல் மண். நடுவில் ஜல்லி என்று பேருக்குக்கூட ஒன்றுமில்லை.

பேவர் கல் சுமையைத் தன்னந்தனியாகத் தாங்குவதில்லை. சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறும்போது, அந்தப் பாரத்தைக் கற்களுக்கு இடையே இறுகிக் கிடக்கும் மணல் பக்கத்துக் கற்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. அப்படிப் பரவிய பாரத்தை வாங்கி இன்னும் அகலமாக மண்ணுக்கு இறக்குவது அடியில் இருக்கும் ஜல்லிப் படுகை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் மணலுக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: கல் ஆடாமல் பொருந்தி உட்கார மெத்தை போல இருப்பது. மெத்தை ஓர் அங்குலம் இருந்தால் போதும். ஐந்து அங்குலம் இருந்தால் சக்கரம் அழுத்த அழுத்த மணல் பக்கவாட்டில் விலகிப் போய்க்கொண்டே இருக்கும்.

பல இடங்களில் மணலைக் கொட்டியே மட்டம் சரிசெய்கிறார்கள். தரை எங்கே பள்ளமோ அங்கே மணல் அதிகம், எங்கே மேடோ அங்கே குறைவு. மேலே பார்த்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் மணல் கனமாக இருக்கிற இடம் அதிகமாக இறங்கும். மறைத்து வைத்த பள்ளம் ஆறே மாதத்தில் அப்படியே மேலே வந்து நிற்கும். மட்டமும் வாட்டமும் ஜல்லியிலேயே முடிந்துவிட வேண்டும். மணலைக் கொண்டு திருத்துகிற வேலையே இருக்கக்கூடாது.

மாசி மாதம் எல்லாவற்றையும் பெயர்த்தோம். தெருவில் நாற்பது வருடம் கொத்து வேலை பார்த்த பெரியவர் ஒருவர் துணைக்கு வந்தார். "கல்ல உடைக்காம எடுத்து அடுக்குங்க தம்பி, எல்லாம் திரும்ப ஆகும்" என்றார். சிமென்ட் தரையாக இருந்தால் உடைத்துக் கொட்டத்தான் வேண்டும். பேவர் கல்லைக் கழுவித் திரும்பப் பதிக்கலாம். எங்களுக்கு மொத்தத்தில் புதிதாக வாங்க வேண்டி வந்தது இருபது கல்கூட இல்லை. அவை 60 மில்லிமீட்டர் கனமுள்ளவை. கார் போக்குவரத்துக்கு அது சரியான கனம்தான். தண்ணீர் லாரி உள்ளே வந்து போகிற வீடாக இருந்தால் 80 மில்லிமீட்டர் கல் வாங்க வேண்டும், அடிப்படுகையும் கூட வேண்டும். வாங்கும்போது ஐ.எஸ். 15658 தரத்தில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளலாம்.

கரிசல் மண்ணின் குணம் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழையில் ஊதும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். செம்மண்ணோ சரளையோ உள்ள இடத்தில் ஆறு அங்குல ஜல்லிப் படுகை காருக்குப் போதும். கரிசலுக்கு நாங்கள் பத்து அங்குலம் வைத்தோம். ஜல்லி பத்து, மணல் ஒன்று, கல் ஏறத்தாழ இரண்டரை. ஆக, முடிகிற மட்டத்திலிருந்து பதின்மூன்றரை அங்குலம் கீழே தோண்ட வேண்டியிருந்தது. தோண்டிய தரைக்கு லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரம் உள்ளே இறங்கியபின் திம்சு போட்டோம். அதன்மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்தோம். களிமண் ஈரமாகும்போது ஜல்லிக்குள் குழம்பாக ஏறிவரும், ஜல்லியும் மண்ணுக்குள் புதையும். இந்தத் துணி தண்ணீரை விடும், மண்ணை விடாது.

படுகைக்குக் கிரஷரிலிருந்து வெட் மிக்ஸ் வாங்கினோம். ஒன்றரை ஜல்லியிலிருந்து தூசி வரை எல்லா அளவும் கலந்து ஈரமாக வரும் கலவை அது. ஒரே அளவு ஜல்லியை மட்டும் கொட்டினால் நடுவில் சந்து நிறைய இருக்கும், மேலே போடும் மணல் மெல்ல மெல்ல அந்தச் சந்துக்குள் இறங்கிவிடும். கணக்கு இப்படி வந்தது: தோட்டத்துப் பக்கம் அரை அடி கூட்டிப் பத்தரை அடி அகலம், 33 அடி நீளம், பத்து அங்குல கனம் என்றால் இறுகிய நிலையில் சுமார் 290 கன அடி. இறுகும்போது கால்வாசி அமுங்கும் என்று சேர்த்து 360 கன அடி. ஒரு யூனிட் 100 கன அடி என்பதால் மூன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

இதை ஒரே மூச்சில் கொட்டி மேலே மட்டும் அதிர வைத்தால் அடிப்பகுதி தளர்வாகவே கிடக்கும். மூன்று அங்குலம், மூன்றரை அங்குலமாக மூன்று தடவை பரப்பி, ஒவ்வொரு தடவையும் வாடகைக்கு எடுத்த பிளேட் காம்பாக்டரைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினோம். வேலையிலேயே அலுப்பான பகுதி இதுதான், ஏமாற்றுவதற்கு வசதியான பகுதியும் இதுதான். சரியாக இறுகியதா என்று பார்க்கப் பெரியவர் சொன்ன வழி எளிமையானது. அத்தானைக் காரை எடுத்து ஜல்லிப் படுகை மேலேயே ஓட்டிவரச் சொன்னார். டயர் அச்சு மட்டும் தெரியலாம், தடம் அமுங்கக் கூடாது. கேட் பக்கம் ஓரிடத்தில் அமுங்கியது. அந்த இடத்தைக் கொத்தி, ஈரம் பார்த்து, திரும்ப இறுக்கினோம். பிறகு குழாயால் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். பத்தடி அகலத்துக்கு இரண்டரை அங்குலம் வாட்டம், வீட்டுச் சுவரிலிருந்து தோட்டத்துப் பக்கம். எங்கும் குட்டை கட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வேலை.

அடியில் கான்கிரீட் போட்டுவிட்டால் கவலையே இல்லை என்று அத்தான் ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். நிறையப் பேருக்கு அந்த எண்ணம் உண்டு. கல் இடுக்கு வழியே இறங்கும் தண்ணீர் அப்போது வெளியே போக வழியில்லாமல் மணலிலேயே தங்கும். ஊறிய மணல் மேல் சக்கரம் ஏறும்போதெல்லாம் சேறாக இடுக்கு வழியே மேலே பீய்ச்சும். ஏற்கெனவே கான்கிரீட் தரை இருக்கிற வீடுகளில், தாழ்ந்த பக்கமாகத் துளைகள் போட்டு அதில் பொடி ஜல்லி நிரப்பினால்தான் அதன்மேல் கல் பதிக்கலாம்.

ஓரக்கட்டு மணலுக்கு முன்னால் வர வேண்டும். முதல் தடவை செங்கலைச் செங்குத்தாக மண்ணில் ஊன்றி அதையே ஓரக்கட்டு என்று விட்டிருந்தார்கள். கார் பிரேக் போடும்போதும் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் கற்களைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஒரு கல் நகர இடம் கிடைத்தால் வரிசை முழுக்க நகரும். இடுக்கு விரியும், அதிலிருக்கும் மணல் கீழே போகும், பிடிப்பு விட்டுப்போகும். வளைந்து போன வரிசைக் கோடுதான் இதன் முதல் அடையாளம். பள்ளம் அதற்குப் பிறகுதான் வரும்.

ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவரும் போர்ட்டிகோ முனையில் வீட்டுப் படியும் இருந்ததால், தோட்டத்துப் பக்கத்துக்கும் கேட்டுக்கும் மட்டும் கட்டு தேவைப்பட்டது. படுகையை அரை அடி கூட்டிப் போட்டது இதற்காகத்தான். கட்டும் அந்த இறுகிய ஜல்லி மேலேயே உட்கார வேண்டும், வெறும் மண்ணில் நின்றால் கட்டே சாயும். ஆறு அங்குல அகலக் கான்கிரீட் கட்டு வார்த்து, அதன் அடி மணல் மட்டத்துக்குக் கீழே போகும்படி வைத்து, வெளிப்பக்கம் முதுகுக்கு முட்டுக் கொடுத்தாற்போலச் சரிவாகக் கான்கிரீட் போட்டோம். தண்ணீர் வழிந்து போக வேண்டுமே, அதனால் கட்டின் தலை கல் மட்டத்தைவிடக் கால் அங்குலம் தாழ்வு. கேட்டில் இரண்டு தூணுக்கும் நடுவே எட்டு அங்குல அகலத்தில் ஒரு கான்கிரீட் பட்டை. ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி இறுகவிட்டோம்.

மணல் விஷயத்தில் பெரியவர் கறாராக இருந்தார். வந்திறங்கிய எம்-சாண்டை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கித் திண்ணையில் வைத்தார். மறுநாள் காலையில் மணலுக்கு மேல் ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல் நிறக் களி படிந்திருந்தது. "இது தூசி அண்ணாச்சி, மணலே இல்ல" என்று லாரிக்காரரிடம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, கழுவிய கரடுமுரடான மணலாக வரவழைத்தார். தூசி கலந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரத்தில் கொழகொழவென்று ஆகும். கிரஷர் தூசியை மலிவு என்று மெத்தையாகப் போடுகிற வழக்கத்தால் வருகிற கேடும் இதேதான்.

ஓர் அங்குலத் தடிமன் வரும் இரண்டு குழாய்களைப் படுகை மேல் கிடத்தி, நடுவே மணல் கொட்டி, அலுமினியச் சட்டத்தால் இழுத்தோம். குழாயை உருவிய தடத்தைக் கரணையால் நிரப்பினோம். இந்த மணலை மிதிக்கக் கூடாது, முன்கூட்டியே இறுக்கவும் கூடாது. பதித்து முடித்த கல்லின் மேல் நின்றுகொண்டே முன்னால் பதித்துக்கொண்டு போக வேண்டும். எங்களுடையது ஜிக்ஜாக் கல். நேர்வரிசையாக இல்லாமல் மீன்முள் மாதிரி ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தோம், பக்கவாட்டுத் தள்ளலுக்கு அதுதான் நன்றாக ஈடுகொடுக்கும். இடுக்கு மூன்று மில்லிமீட்டர் அளவு.

எல்லாம் பதித்தபின் காம்பாக்டரை ஒரு முறை ஓட்டிவிட்டு ஒரு கல்லை நெம்பி எடுத்துப் பார்த்தோம். அடி மணல் இடுக்குக்குள் அரை அங்குலம் ஏறியிருந்தது. மெத்தை சரியாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அப்புறம் காய்ந்த நைஸ் மணலைக் கொட்டி, துடைப்பத்தால் இடுக்கில் தள்ளி, திரும்பவும் அதிர வைத்து, மணல் உள்ளே இறங்க இறங்க மீண்டும் தள்ளினோம். அக்காவுக்கு இடுக்கில் சிமென்ட் பால் ஊற்றிவிட ஆசை, புல் முளைக்காது என்று. ஊற்றினால் கற்கள் சேர்ந்து ஒரே பலகை மாதிரி ஆகி, கொஞ்சம் அசைந்தாலும் வெடிக்கும், அடுத்த தடவை பெயர்க்கவும் முடியாது.

இரண்டு மழைக்காலம் போனதில் ஓரிடம் மட்டும் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது, கேட்டை ஒட்டித் தண்ணீர்க் குழாய் போகிற பள்ளம். வேலை முடியும் தறுவாயில் குழாய் கசிந்து, தோண்டி மூடியபோது அவசரத்தில் ஒரே தடவையாக மண்ணைத் தள்ளிவிட்டோம். போன மாதம் அந்த இடத்தில் பதினான்கு கல்லைப் பெயர்த்து, மணலை வழித்து, ஜல்லியை இரண்டு தடவையாக இறுக்கி, அதே கற்களைத் திரும்ப வைத்தோம். காலை இட்லிக்கு முன்னால் ஆரம்பித்த வேலை, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது.