ஒன்றா, ஏழா?

ஒரு கூலி வவுச்சர். மூட்டை இறக்கியவருக்குக் கொடுத்த தொகை 1,300 ரூபாய். எழுதியவர் ஒன்றின் தலையில் சின்னதாக ஒரு கொக்கி போட்டிருந்தார். ஸ்கேன் செய்த படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும் ஓ.சி.ஆர். மென்பொருள் அதை 7,300 என்று படித்துவிட்டது. கூலிக் கணக்கில் பற்று 7,300, ரொக்கத்தில் வரவு 7,300. இரண்டு பக்கமும் ஒரே அளவில் தப்பானதால் ட்ரயல் பேலன்ஸ் சரியாகவே நின்றது.

வவுச்சர்களை ஸ்கேன் செய்து கணக்கில் ஏற்றும் கணக்காளர், ஆடிட்டருக்கு அனுப்பும் கோப்பின் மேல் ஒரு குறிப்பு வைப்பது இதற்காகத்தான். “எல்லாம் சரிபார்க்கப்பட்டது” என்று ஒரே வரியில் முடித்தால் அந்தக் குறிப்பால் பயனில்லை. எந்தச் சோதனை எந்தப் பிழையைப் பிடிக்கும், எந்த வவுச்சரை எந்தச் சோதனையும் எட்டாது என்பதைத்தான் ஆடிட்டர் தெரிந்துகொள்ள வேண்டும்.

அச்சடித்த ஜி.எஸ்.டி. பில்லில் கவலை குறைவு, அதற்குள்ளேயே சாட்சி இருக்கிறது. சரக்கின் மதிப்பு 3,350 ரூபாய், வரி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மத்திய வரி 301.50, மாநில வரி 301.50, மொத்தம் 3,953. மென்பொருள் மொத்தத்தை 3,958 என்று படித்தால் கூட்டல் உடனே காட்டிக்கொடுக்கும். விற்றவரின் 15 இலக்கப் பதிவு எண்ணும் அப்படித்தான். முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து பான் எண். கடைசி இலக்கம் முந்தைய பதினான்கிலிருந்து கணக்கிட்டு வருவது. நடுவில் ஒரு B, 8 என்று மாறினாலும் அது பொருந்தாமல் போகும்.

கையெழுத்து வவுச்சருக்கு இப்படி எதுவும் கிடையாது. ஒரே ஒரு தொகை. அதைக் கூட்டிப் பார்க்க வேறு எண் இல்லை. அதனால் குறிப்பில் இதற்குத் தனிப் பத்தி வேண்டும்: கையால் எழுதிய வவுச்சர் ஒவ்வொன்றையும் ஒருவர் படத்தைத் திறந்து பார்த்தார், எண்ணால் எழுதிய தொகையை எழுத்தால் எழுதிய தொகையோடு ஒப்பிட்டார், எழுத்தால் எழுதாத வவுச்சர்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. கொக்கி போட்ட அந்த வவுச்சரில் “ஆயிரத்து முந்நூறு மட்டும்” என்று கீழே எழுதியிருந்தால் பிழை அங்கேயே தீர்ந்திருக்கும்.

எழுதவில்லை. அப்போது கைகொடுப்பது ரொக்க எண்ணிக்கை. மாத முடிவில் பெட்டியில் இருந்த பணம், கேஷ் புக் காட்டிய இருப்பைவிட 6,000 ரூபாய் கூடுதல். கணக்குப்பிள்ளைகளிடம் ஒரு பழைய சூத்திரம் உண்டு: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று தேடுவார்கள். 4,590-ஐ 4,950 என்று எழுதினால் வித்தியாசம் 360, வகுபடும். அந்தச் சூத்திரத்தின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அது கை தவறுவதைப் பிடிக்கப் பிறந்தது. மென்பொருள் இலக்கங்களை இடம் மாற்றுவது அரிது, உருவத்தைத்தான் மாற்றிப் படிக்கும். மூன்று எட்டானால் வித்தியாசம் 5, 50, 500 என்று வரும். ஒன்று ஏழானால் 6, 60, 600, 6,000. ஆறாயிரம் ஒன்பதால் வகுபடாது. ஆயிரத்தின் இடத்தில் ஏழு இருக்கிற ரொக்க வவுச்சர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் சில நிமிடங்களில் அது கையில் சிக்கிவிடும். எந்த வித்தியாசம் வந்தது, எந்த வவுச்சரில் தீர்ந்தது, யார் திருத்தினார் என்பதையும் குறிப்பில் எழுதிவிட வேண்டும்.

இரட்டைப் பதிவு வேறு வகை. ஒரே பில்லைக் காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவர் ஸ்கேன் செய்திருப்பார். இரண்டு முறையும் சரியாகவே படித்திருக்கும். விற்றவரின் எண், பில் எண், தேதி மூன்றும் ஒன்றாக இருப்பவற்றைத் தேடினால்தான் தெரியும். பில் எண்ணின் நடுவே ஒரு கோடு ஒரு முறை விடுபட்டுவிட்டால் இந்தத் தேடலும் ஏமாந்துவிடும் என்பதால், கோடுகளையும் இடைவெளிகளையும் நீக்கிவிட்டுத் தேடியதா என்பதைக் குறிப்பிட வேண்டும்.

இந்தச் சோதனைகள் அத்தனையும் சொல்வது ஒன்றே: தாளில் இருப்பதைப் படித்தது சரி. தாளில் இருப்பது உண்மையா என்பதை அவை தொடுவதே இல்லை. மூலத் தாள் தரும் சான்று அதன் நகலைவிட நம்பகமானது என்றுதான் இந்தியாவின் தணிக்கைத் தரநிலை 500-உம் சொல்கிறது. ஆகவே ஒவ்வொரு படத்தின் பெயரிலும் வவுச்சர் எண் இருக்க வேண்டும். மூலத் தாள் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதும் எழுதியிருக்க வேண்டும்.

குறிப்பின் கடைசிப் பக்கத்தில் படிக்கவே முடியாதவற்றின் பட்டியல் வரும். பெரும்பாலும் பெட்ரோல் பங்க் ரசீதுகள். வெப்பத்தாளில் அடித்தவை, வண்டியின் டேஷ்போர்டில் வெயில்பட்டு வெளுத்துப்போனவை. அவற்றுக்கு எதிரே ஓட்டுநர் சொன்ன தொகை என்றே எழுதி, பக்கத்தில் ஆடிட்டர் தன் முடிவைக் குறிக்க ஒரு காலிக் கட்டம் விட்டிருக்கும்.