கணக்கு நோட்டு – 7: மூன்றாவது வரியில் காணாமல் போன கொசைன்

பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டுப் பக்கத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். y = sin³(x² + 1) என்ற சார்பின் வகைக்கெழுவைக் காண வேண்டும். நீல மையில் ஐந்து வரிகள். படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தது: "சார், புக்ல இருக்கிற விடையில cos வருது, எனக்கு வரல. சங்கிலி விதியைச் சரியாத்தான் போட்டிருக்கேன். எங்க சார் தப்பு?"

அவள் நோட்டில் இருந்தது இதுதான்:

```
1.  y = sin³(x² + 1)
2.  u = x² + 1,   y = sin³u
3.  dy/du = 3 sin²u
4.  du/dx = 2x
5.  dy/dx = (dy/du)(du/dx) = 6x sin²(x² + 1)
```

பேனாவை எடுத்ததும் ஐந்தாவது வரியைச் சுழித்து, "சங்கிலி விதி தவறு" என்று எழுதத்தான் கை போகும். ஆனால் ஐந்தாவது வரியில் பிழையே இல்லை. இரண்டு வகைக்கெழுக்களையும் பெருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, பெருக்கியிருக்கிறாள். u இருந்த இடத்தில் x² + 1 என்று திரும்ப மாற்றவும் மறக்கவில்லை. விதியைச் சரியாகப் போட்டதாக அவள் சொல்வது உண்மை. அதனால்தான் தன் பிழை அவள் கண்ணில் படவில்லை.

பிழையைத் தேடுமுன், படத்தைச் சரியாகப் படித்திருக்கிறோமா என்று பார்த்துவிட வேண்டும். நேரில் கையில் வாங்கும் நோட்டில் இந்தச் சிக்கல் கிடையாது. போனில் எடுத்த படத்தில் பக்கத்தின் வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கலாம். மூன்றாவது வரியின் கடைசியில் cos u என்று எழுதியிருந்து, அது சட்டத்துக்கு வெளியே போயிருக்கலாம். அடுக்கில் பொடியாக எழுதிய 3 நிழலில் 2 போலத் தெரியலாம். அடைப்புக்குறி மங்கினால் sin(x² + 1) என்பது sin x² + 1 ஆகிவிடும். அது வேறு சார்பு, வேறு விடை.

ஓரம் வெட்டுப்பட்டதா, உண்மையிலேயே விடுபட்டதா என்பதைப் பின்னால் வரும் வரிகளே சொல்லிவிடும். படத்தில் மட்டும் வெட்டுப்பட்டிருந்தால், ஐந்தாவது வரியில் கொசைன் திரும்பி வந்திருக்கும். இங்கே வரவில்லை. விடுபட்டது விடுபட்டபடியே கடைசிவரை நடந்து போயிருக்கிறது. அடுத்த வரியிலும் தொடர்கிற பிழையை எழுத்துப் பிழை என்றோ கேமரா பிழை என்றோ தள்ளிவிட முடியாது. அது எழுதியவர் அப்படித்தான் நினைத்தார் என்பதற்கு அடையாளம்.

இனி, எந்த வரியில் கணக்கு உடைகிறது? வாய்ச்சொல்லாக "இது தப்பு" என்பதைவிட, ஒரு எண்ணைப் போட்டுப் பார்ப்பதை நான் விரும்புவேன். மாணவியே செய்து பார்க்கலாம். யாரையும் நம்ப வேண்டியதில்லை. சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். முதலில் அது ரேடியனில் இருக்கிறதா என்று பாருங்கள். sin 2 என்று தட்டினால் 0.9093 வர வேண்டும். 0.0349 வந்தால் கருவி டிகிரியில் இருக்கிறது. அப்படியே தொடர்ந்தால் சரியான விடையும் தவறாகத் தெரியும்.

x = 1 என்று எடுத்துக்கொள்வோம். அதற்குக் கொஞ்சம் முன்னால் 0.99, கொஞ்சம் பின்னால் 1.01. இந்த இரண்டு இடத்திலும் y-யின் மதிப்பு முறையே 0.7721, 0.7308. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்து, இடைவெளியான 0.02-ஆல் வகுத்தால் ஏறத்தாழ −2.065. வகைக்கெழு இந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அவளுடைய ஐந்தாவது வரியில் x = 1 போட்டால் 4.96 வருகிறது. அளவு மட்டுமல்ல, குறியே மாறிவிட்டது: சார்பு அந்த இடத்தில் இறங்குகிறது, அவள் விடையோ ஏறுகிறது என்கிறது.

அடுத்து, ஒவ்வொரு வரியாக இதே சோதனை. நான்காவது வரி: x 0.99-இலிருந்து 1.01-க்குப் போகும்போது u 1.9801-இலிருந்து 2.0201-க்குப் போகிறது, வகுத்தால் 2. அவள் எழுதிய 2x-உம் 2. இந்த வரி சரி. மூன்றாவது வரி: x = 1 என்றால் u = 2. u-வுக்கு 1.99, 2.01 போட்டால் sin³u-வின் மதிப்பு 0.7621, 0.7414, வகுத்தால் ஏறத்தாழ −1.03. அவள் எழுதிய 3 sin²u-வோ 2.48 தருகிறது. உடைந்த இடம் அகப்பட்டுவிட்டது. −1.03-ஐ 2-ஆல் பெருக்கினால் மேலே கிடைத்த −2.065-ஐ ஒட்டியே வருகிறது. ஆக மற்ற வரிகளில் கோளாறு இல்லை.

சரி, மூன்றாவது வரியில் என்ன நடந்தது? "cos u விட்டுப்போச்சும்மா, சேர்த்துக்கோ" என்று பதில் போட்டால் இந்த ஒரு கணக்கு தீரும். அடுத்த கணக்கில் அதே பள்ளத்தில்தான் விழுவாள். அவள் sin³u-வை ஒரே சார்பாகப் பார்த்திருக்கிறாள். u³-க்கு 3u² என்பதுபோல sin³u-வுக்கு 3 sin²u. கணக்கில் இருப்பது உறைக்குள் உறையாக மூன்று. அவள் எண்ணியது இரண்டு.

மூன்று என்று எப்படித் தெரிந்துகொள்வது? கால்குலேட்டரில் விரல் போகும் வழியைக் கவனித்தால் போதும். x = 1-ஐ வர்க்கமாக்கி ஒன்றைக் கூட்டினால் 2. சைன் அழுத்தினால் 0.9093. அதை முப்படியாக்கினால் 0.7518. கடைசியாகச் செய்த வேலை எதுவோ அதுதான் வெளி உறை. இங்கே அது முப்படி, சைன் அல்ல. வகையிடும்போது வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். ஒவ்வொரு உறைக்கும் ஒரு பெருக்கற்காரணி. ஆகவே சைனுக்கும் ஒரு பெயர் கொடுத்துவிடுவது நல்லது:

```
u = x² + 1,   v = sin u,   y = v³
dy/dx = 3v² · cos u · 2x
      = 6x sin²(x² + 1) cos(x² + 1)
```

நடுவில் v என்ற ஒரு எழுத்து வந்ததும் கொசைன் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அவளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். sin³u என்று எழுதுகிற வழக்கமே இந்த உறையை மறைத்துவிடுகிறது. அது (sin u)³ என்பதன் சுருக்கம்தான். ஆனால் 3 சைனின் தோளில் ஏறி உட்கார்ந்திருப்பதால், "சைன் க்யூப்" என்று ஒரு தனிச் சார்பு இருப்பதுபோல் தோன்றுகிறது. கணித மேதை கௌஸுக்கே இந்தக் குறியீடு பிடிக்கவில்லை. sin²φ என்றால் முறைப்படி sin(sin φ) என்றுதான் பொருள்பட வேண்டும் என்பது அவர் வாதம். ஜான் ஹெர்ஷல் 1813-இல் கொண்டுவந்த sin⁻¹x அந்தத் தர்க்கத்தில்தான் நிற்கிறது. அங்கே −1 அடுக்கு அல்ல, நேர்மாறுச் சார்பு. அடுக்கைக் குறிக்கும் 2-உம் அடுக்கே அல்லாத −1-உம் ஒரே இடத்தில் எழுதப்படுவதைப் பார்க்கிற பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? வகுப்பில் முதல் பத்து நாளாவது (sin u)³ என்றே கரும்பலகையில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நோய் இதுதானா என்று உறுதிசெய்ய, விளக்கம் அனுப்புமுன் அவளுக்கு மூன்று சிறிய கணக்குகளை அனுப்பினேன்: (x² + 1)³, sin(x² + 1), e^(sin x²). முதலிரண்டும் இரண்டே உறை கொண்டவை. இரண்டையும் தடுமாறாமல் செய்துவிட்டாள். மூன்றாவதில் மூன்று உறை உண்டு, ஆனால் சைனின் மேல் அடுக்கு கிடையாது. அதையும் e^(sin x²) · cos x² · 2x என்று சரியாகவே எழுதியிருந்தாள். ஆக, மூன்று உறைகளைக் கையாள அவளுக்கு வரும். சைனின் தலையில் அடுக்கு ஏறும்போது மட்டும் ஒன்று கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. மூன்றாவதும் தவறியிருந்தால் வைத்தியம் வேறு: உறைகளை எண்ணுவதையே முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கும்.

இதே கணக்கில் வேறு பிள்ளைகள் வேறு விதமாகவும் சறுக்குவார்கள். 3 cos²(x² + 1) · 2x என்று எழுதுபவர், அடுக்கைக் குறைக்கும் வேலையையும் சைனைக் கொசைனாக்கும் வேலையையும் ஒரே மூச்சில் செய்துவிட்டார். 3 sin²(x² + 1) · cos(2x) · 2x என்று எழுதுபவர், கொசைனின் உள்ளே அப்படியே இருக்க வேண்டியதையும் வகையிட்டுவிட்டார். இந்த இரண்டாவது ஆளிடம் நம் எண் சோதனை ஏமாந்துபோகும் என்பதைக் கவனியுங்கள். x = 1 போட்டால் x² + 1-உம் 2, 2x-உம் 2. தவறான விடையும் −2.0645, சரியான விடையும் −2.0645! x = 0.5 போட்டால்தான் குட்டு வெளிப்படும்: சரியான விடை 0.852 தரும், தவறானது 1.460 தரும். அதனால் ஒரு இடத்தில் பொருந்தியதும் திருப்திப்பட்டுவிடாமல், இன்னொரு இடத்திலும் போட்டுப் பாருங்கள். 0, 1 போன்ற எண்களைத் தவிர்ப்பது நல்லது. 0 போட்டால் இந்தக் கணக்கில் எல்லா விடையும் 0 ஆகி, எதையும் பிரித்துக் காட்டாது.

மாணவிக்கு நான் அனுப்பிய பதில் நீளமாக இல்லை. அவள் படத்திலேயே மூன்றாவது வரியை வட்டமிட்டு, "ஐந்தாவது வரி சரிம்மா. இங்கே u-க்கும் y-க்கும் நடுவில் இன்னொருத்தர் இருக்கார், அவருக்குப் பேர் வை" என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் திருத்திய பக்கம் வந்தது; நடுவில் v இருந்தது, கொசைனும் இருந்தது.

அடுத்த வாரத்துக்குள் நீங்களும் y = cos⁴(3x − 2)-ஐ இந்த வழியில் செய்து பாருங்கள். x = 0.5-இல் எண் சோதனையும் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் படம் எடுத்து அனுப்பலாம்: பக்கத்தின் நான்கு ஓரமும் தெரிய வேண்டும், அடித்த வரிகளை அழிக்காமல் விட வேண்டும், வினாவையும் மேலே எழுத வேண்டும்.