பொருந்தும் வேலைக்கு மட்டும் அழைக்கச் சொல்வது எப்படி?

வேலைவாய்ப்புத் தளங்களில் ரெக்ரூட்டர்கள் பெரும்பாலும் சொற்களை வைத்தே ஆள் தேடுகிறார்கள். 'ஜாவா' என்று தேடினால், ரெஸ்யூமேயில் எங்காவது அந்தச் சொல் உள்ளவர்களும் பட்டியலில் வந்துவிடுவார்கள். பல சமயம் பட்டியல் முழுவதற்கும் ஒரே மின்னஞ்சல் போகிறது. தொடர்பில்லாத அழைப்புகள் வர இது முக்கியக் காரணம்.

கார்களுக்கான எம்பெடட் மென்பொருளில் 6 ஆண்டு அனுபவமுள்ள சென்னைப் பொறியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கல்லூரி புராஜெக்ட்டை ஜாவாவில் செய்ததாக ரெஸ்யூமேயின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. அதனால் ஜாவா டெவலப்பர் வேலைக்கு அடிக்கடி அழைப்பு வருகிறது. "பொருந்தாத வேலைகளை அனுப்பாதீர்கள்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எது பொருந்தும் என்பது ரெக்ரூட்டருக்குத் தெரியாது. அவர் எந்த விவரங்களை வைத்துத் தேடுகிறாரோ, அவற்றையே பதிலில் தர வேண்டும்:

"வணக்கம். தொடர்புகொண்டதற்கு நன்றி. நான் ஜாவா வேலைகளைப் பார்க்கவில்லை. ஆட்டோமோட்டிவ் துறையில் எம்பெடட் சாஃப்ட்வேர் இன்ஜினீயர், ஃபர்ம்வேர் இன்ஜினீயர் பதவிகளுக்கு மட்டும் அழையுங்கள். ஊர்: சென்னை அல்லது பெங்களூரு. நோட்டீஸ் பீரியட்: 60 நாள். ஜாவா, டெஸ்டிங், சப்போர்ட் வேலைகள் வேண்டாம். உங்கள் டேட்டாபேஸிலும் இதைக் குறித்துவையுங்கள். புதிய ரெஸ்யூமேயை இணைத்துள்ளேன்."

ஒரே வேலைக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும் என்பதால்தான் இங்கே இரண்டு பதவிப் பெயர்கள் உள்ளன. ஒன்றை மட்டும் தந்தால் பொருத்தமான அழைப்பும் தவறிப்போகும். டேட்டாபேஸ் பற்றிய வரிக்கும் காரணம் உண்டு. கன்சல்டன்சியில் ஒருவரிடம் சொன்னது அடுத்த மேசைக்குப் போய்ச் சேராது. ஆனால் இருவரும் பார்ப்பது ஒரே பதிவைத்தான். போனில் பேசியிருந்தாலும் இதையே மின்னஞ்சலில் அனுப்புவது அதனால்தான். பழைய ரெஸ்யூமே அவர்களிடம் தங்கியிருக்கும் என்பதால் புதியதையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

லிங்க்ட்இன்னில் ரெக்ரூட்டர் கட்டணச் சலுகையைச் செலவழித்து அனுப்பும் இன்மெயிலுக்கு 90 நாளுக்குள் பதில் வந்தால், மறுப்பாக இருந்தாலும், அந்தச் சலுகை அவருக்குத் திரும்பக் கிடைக்கும். எனவே சுருக்கமான மறுப்பு அவருக்கும் உதவும். பதில் ஏற்காத முகவரியிலிருந்து வரும் மொத்த மின்னஞ்சலுக்கு எழுதுவதோ வீண். அதன் அடியிலுள்ள அன்சப்ஸ்கிரைப் இணைப்பே அதற்கு வழி.

பதில் அனுப்புவதோடு ப்ரொஃபைலையும் சரிசெய்ய வேண்டும். மேற்சொன்ன பொறியாளர் திறன் பட்டியலிலிருந்தும் ரெஸ்யூமேயிலிருந்தும் 'ஜாவா'வை நீக்கி, விரும்பும் பதவி, ஊர் ஆகியவற்றைத் தளத்தின் அமைப்புகளில் திருத்தினால், புதிய ரெக்ரூட்டர்களின் ஜாவா தேடலில் அவர் பெயர் வருவது குறையும். இரண்டு முறை தெளிவாகச் சொன்ன பிறகும் அதே ரெக்ரூட்டர் தொடர்பில்லாத வேலைகளையே அனுப்பினால், தன் விவரங்களை நீக்கும்படி அந்த நிறுவனத்துக்கு எழுதிவிட்டு அவரை பிளாக் செய்துவிடலாம்.